விதித்தாளில் ‘மாடரேட்டர்’ என்பதை எப்படி எழுதுவது?

சுமதி, போச்சம்பள்ளி:

எல்லோருக்கும் வணக்கம். சந்தூர்ப் பக்கம் மாங்கன்று விற்கும் நர்சரி ஒன்றுக்கு, வாடிக்கையாளர் வாட்ஸப் குழுவின் விதிகளை ஒரே பக்கத்தில் எழுதித் தர வேண்டும். கன்று வாங்குகிறவர்களுக்குப் பில்லோடு சேர்த்துக் கொடுக்கப்போகும் தாள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

மாடரேட்டர், ஸ்பேம் என்ற இரண்டு சொற்களில் நிற்கிறேன். குழு கடைக்காரருடையது. ஒட்டுக் கட்டும் மேஸ்திரி ஒருவரும் மூத்த தோட்டக்காரர் ஒருவரும் பதிவுகளைக் கவனித்து, தேவையில்லாததை எடுப்பார்கள். இந்த இருவரை எந்தப் பெயரால் சொல்வது? ‘மட்டுறுத்துநர்’ என்று எழுதிக் காட்டினேன். “யாரை மட்டம் தட்டப் போறாங்க?” என்று கேட்கிறார்கள்.

அரங்கநாதன், தருமபுரி:

அம்மா சுமதி, மட்டுறுத்துநர் நல்ல சொல். தமிழ் இணையத்தில் வலைப்பூக் காலத்திலிருந்தே மட்டுறுத்தல் வழக்கில் இருக்கிறது. மட்டு என்றால் அளவு. மட்டுப்படுத்து, மட்டுமரியாதை, கொத்தனார் கையிலுள்ள ரசமட்டம் எல்லாம் அந்த வேரைச் சுற்றியவையே. பழைய வழக்கில் மட்டு என்பதற்குத் தேன், கள் என்ற பொருளும் உண்டு. திருச்சி மலைக்கோட்டையில் அம்மனுக்கு மட்டுவார்குழலி என்று பெயர். தேன் ஒழுகும் பூச்சூடிய கூந்தலாள். அளவு, தேன் இரண்டும் ஒரே வேரா என்பது தனியாக ஆராய வேண்டியது.

எழுத்திலும் கவனம் வேண்டும். பெறுநர், ஓட்டுநர் போல மட்டுறுத்துநர் என்றே எழுதுக. ‘னர்’ போட்டு அச்சடித்துவிடாதீர்கள்.

ஷாஹிதா, கிருஷ்ணகிரி:

ஐயா, ‘உறுத்து’தான் எனக்கு இடிக்கிறது. வலியுறுத்து, அறிவுறுத்து சரி. துன்புறுத்து என்பதும் அதே அமைப்புதானே? கண்ணில் தூசி விழுந்தால் உறுத்துகிறது என்கிறோம். வேப்பனப்பள்ளியிலிருந்து வருகிறவர் வீட்டில் தெலுங்கு பேசுவார், தளியிலிருந்து வருகிறவர் கன்னடம். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிப்பவர்கள் நிறைய. அவர்கள் மூவருக்கும் புரிவது ‘அட்மின்’. அதையே போடுங்கள்.

கதிர், ஓசூர்:

சொல்லைத் தேடுமுன் அந்த இருவர் என்ன செய்வார்கள் என்று தெரிய வேண்டும்.

வாட்ஸப்பில் மாடரேட்டர் என்று தனிப் பதவி கிடையாது. பதிவை எடுக்க வேண்டுமானால் அவர்களையும் அட்மின் ஆக்கத்தான் வேண்டும். அட்மின் ஆனவர் மற்ற அட்மின்களையே நீக்கலாம். குழுவைத் தொடங்கியவரை மட்டும் நீக்க முடியாது. ஆகவே குழுவைக் கடையின் எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். வேலையாளின் சொந்த எண்ணில் தொடங்கினால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் குழுவும் அவர் கையில் போய்விடும்.

அடுத்து, அட்மின் ஒரு பதிவை எடுத்தால் அந்த இடத்தில் இன்ன அட்மின் நீக்கினார் என்று பெயரோடு நிற்கும். டெலிகிராமில் அந்தத் தடம் இருக்காது. இங்கே அத்தனை பேருக்கும் தெரியும்படி ஒருவரைத் திருத்துகிறோம். முதல் தடவை என்றால், ‘குழு விதிப்படி விற்பனைப் பதிவு சனிக்கிழமை மட்டும், நீங்களே எடுத்துவிடுங்கள்’ என்று தனியாக ஒரு வரி அனுப்புவது நல்லது. பெரும்பாலானவர்கள் எடுத்துவிடுவார்கள். மோசடி லிங்க் என்றால் மட்டும் கேட்காமல் உடனே எடுக்க வேண்டும்.

இவ்வளவுதான் அந்த இருவர் வேலை. ஒவ்வொரு பதிவையும் முன்கூட்டிப் பார்த்து அனுமதிப்பதில்லை. இதற்கு ‘மட்டுறுத்து’ கனமான சொல்லாகத்தான் படுகிறது.

நாகராஜ், காவேரிப்பட்டணம்:

நம்ம ஏரிப் பாசனத்தில் எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று மடை திறந்து மூடுகிறவரை நீர்கட்டி என்பார்கள். அவர் தண்ணீருக்குச் சொந்தக்காரர் இல்லை, பாய்ச்சலை முறைப்படுத்துகிறவர். அதே வேலைதான் இதுவும். ‘மடையாளர்’ என்று வைக்கலாமே?

இன்னொன்று, எங்கள் பால் சங்கக் குழுவில் யாரோ கண்டதையும் போட, அட்மினைத்தான் போலீஸ் பிடிக்கும் என்று பயந்து எல்லோரும் அட்மின் பதவியிலிருந்து விலகிவிட்டார்கள். விதித்தாளில் இதற்கும் ஒரு வரி வேண்டும்.

அரங்கநாதன், தருமபுரி:

மடையாளர் அழகான ஆக்கம். மடை என்றால் வாய்க்கால் மதகு. சோறு என்ற பொருளும் உண்டு, மடைப்பள்ளி அதிலிருந்து வந்தது. சமைப்பவருக்கு மடையன் என்றே பெயர் இருந்தது. வெள்ளத்தில் மூழ்கி மடை திறந்தவரே மடையன் என்று இப்போது பரவலாகச் சொல்கிறார்கள். அதற்கு நான் ஆதாரம் கண்டதில்லை. வசைச் சொல்லை மடமையோடு சேர்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஷாஹிதா, கிருஷ்ணகிரி:

எந்த வேராக இருந்தாலும், ‘மடையாளர் சொல்வதைக் கேட்க வேண்டும்’ என்று அச்சடித்தால் அந்த மேஸ்திரி குழுவிலேயே இருக்க மாட்டார். நீர்கட்டியும் ஆகாது. பெண்களுக்கு அது ஆஸ்பத்திரி ஸ்கேனில் கேட்கும் சொல்.

நாகராஜ் அண்ணா, போலீஸ் பயம் பாதி சரி. அட்மின் தானே தப்பான பதிவு போட்டாலோ, அதற்குத் துணை போனாலோ பொறுப்பு உண்டு. வேறொருவர் போட்டதற்கு அட்மின் என்ற ஒரே காரணத்தால் வழக்கில் சேர்க்க முடியாது என்ற நிலையைத்தான் 2021 டிசம்பரில் மதுரைக் கிளையும் 2022இல் கேரள உயர்நீதிமன்றமும் எடுத்தன. விதித்தாளுக்கு அது தேவையில்லை.

சுமதி, போச்சம்பள்ளி:

நன்றி. ஸ்பேமுக்கும் ஒரு வழி சொல்லுங்கள். எரிதம் என்ற சொல்லை இணையத்தில் பார்த்தேன். குப்பை என்று எழுதலாமா? தாளின் அடியில் குழுவில் சேர க்யூஆர் கோடும் அச்சடிக்கச் சொல்கிறார்கள்.

கதிர், ஓசூர்:

க்யூஆர் கோடு வேண்டாம், தயவுசெய்து. அந்தத் தாளை யார் படம் எடுத்து அனுப்பினாலும் லிங்க் வெளியே போய்விடும். போனபின் லிங்கை மாற்றினால் பழையது செத்துவிடும். நீங்கள் அச்சடித்த தாள் முழுக்க வீண். கடையின் வாட்ஸப் எண்ணை மட்டும் போட்டு, ‘பில்லைப் படம் எடுத்து இந்த எண்ணுக்கு அனுப்புங்கள், சேர்த்துக்கொள்கிறோம்’ என்று எழுதுங்கள். குழு அமைப்பில் `Approve new members` என்பதையும் போட்டு வையுங்கள். பில் எண்ணைப் பார்த்து ஆளைச் சேர்ப்பதுதான் இந்தக் குழுவின் முழுக் காவலும். வாசலில் இதைச் செய்தால் உள்ளே எடுக்க வேண்டியது மிகக் குறைவு.

இதற்குக் காரணம் இருக்கிறது. வாடிக்கையாளர் குழுவில் பெரிய தொல்லை குழுவுக்குள் வருவதில்லை. உறுப்பினர் எண்கள் எல்லோருக்கும் தெரிவதால், உரம் விற்பவரோ வேறு நர்சரிக்காரரோ ஒருவர் உள்ளே வந்து, வாய் திறக்காமல் இருந்து, ஒவ்வொருவருக்கும் தனியாக விளம்பரம் அனுப்புவார். குழு சுத்தமாகத் தெரியும். ஆட்கள் மட்டும் காரணம் சொல்லாமல் வெளியேறுவார்கள். யார் வெளியேறினாலும் அட்மினுக்குத்தான் அறிவிப்பு வரும், அதனால் மற்றவர்கள் பெரும்பாலும் கவனிக்க மாட்டார்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று பேர் ஒரே மாதிரிச் செய்தி வந்ததாகச் சொன்னால், அந்த எண் குழுவில் இருக்கிறதா, எந்தப் பில்லுக்குச் சேர்ந்தது என்று பாருங்கள். ‘உறுப்பினருக்குத் தனியாக விற்பனைச் செய்தி அனுப்பினால் எச்சரிக்கையின்றி நீக்கப்படுவீர்கள்’ என்பது தாளில் முதல் விதியாக இருக்கட்டும்.

ஆக, ஸ்பேமைக் குப்பை என்றால் பொருந்தாது. அனுப்பியது நல்ல உரமாகவே இருக்கலாம். கேட்காமல் வந்ததுதான் குற்றம்.

ஷாஹிதா, கிருஷ்ணகிரி:

அழையா விருந்தாளி என்று சொல்கிறோமே. ‘அழையா விளம்பரம்’?

கதிர், ஓசூர்:

பிடித்திருக்கிறது. ஆனால் காலை வணக்கப் படம் விளம்பரமா? கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகே கோப்பு விளம்பரமா? அதைத் திறந்து நிறுவினால் ஃபோனே திருடன் கைக்குப் போகும்.

அரங்கநாதன், தருமபுரி:

அப்படியானால் ‘அழையாச் செய்தி’. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும். ச் விடுபடக் கூடாது.

சுமதி, போச்சம்பள்ளி:

ஒரு வாடிக்கையாளர், நூறு கன்று நட்டதில் நாற்பது காய்ந்துவிட்டது, நர்சரி ஏமாற்றிவிட்டது என்று குழுவில் படத்தோடு எழுதினால் என்ன செய்வது? இதை விதித்தாளில் தடுக்கலாமா என்று கடையில் கேட்கிறார்கள். ‘அவதூறு நீக்கப்படும்’ என்று போடச் சொல்கிறார்கள்.

கதிர், ஓசூர்:

கூடவே கூடாது. அந்தப் பதிவை எடுத்தால், நீக்கப்பட்டது என்ற வரி மட்டும் நிற்கும். பார்ப்பவர்கள் நாற்பதை எழுபதாக நினைப்பார்கள். அவர் வேறு குழுவில் போய் எழுதுவார், அங்கே பதில் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

பதிவு அப்படியே இருக்கட்டும். கடைக்காரர் அன்றைக்கே கீழே எழுத வேண்டும்: ‘பார்த்தோம். ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே தெரிகிறதா, ஒட்டுக்குக் கீழே துளிர் இருக்கிறதா, இரண்டு படம் அனுப்புங்கள். இப்போது அழைக்கிறோம்.’ பிறகு பேச்சு ஃபோனுக்குப் போகட்டும். ஒட்டு மண்ணுக்குள் போயிருந்தால் நட்ட முறையில் பிழை. கீழ்த்துளிர் மட்டும் உயிரோடு இருந்தால் மேல்ஒட்டு செத்திருக்கிறது. அது ஒட்டுக் கட்டியதிலும் இருக்கலாம், வண்டியில் வந்த ஆட்டத்திலும் இருக்கலாம். என்ன முடிவானதோ, எத்தனை கன்று மாற்றிக் கொடுத்தார்களோ, அதைக் குழுவில் அதே பதிவின் கீழ் எழுத வேண்டும். நிறையப் பேர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகிறார்கள், அதனால் குழுவில் நிற்பது புகார் மட்டும்தான்.

அந்தப் புகாரின் கீழ் ‘எங்களிடம் பெங்களூரா கன்று மலிவு’ என்று யாராவது எழுதினால் அதை எடுங்கள். எடுக்க வேண்டியது அதுதான்.

ஷாஹிதா, கிருஷ்ணகிரி:

தாளில் நான்கு விதி போதும். பில் காட்டிச் சேர்வது. தனியாக விற்பனைச் செய்தி அனுப்பாதது. சொந்த விளைச்சலை விற்பவர் சனிக்கிழமை மட்டும் போடுவது. மற்ற நாள் கன்று, தோட்டம் தவிர வேறெதுவும் போடாதது. புகார் எழுதலாம் என்பதை விதியாகப் போடாமல் தனி வரியாக எழுதுங்கள்.

சுமதி, போச்சம்பள்ளி:

அப்படியே எழுதுகிறேன். பெயருக்கு ‘குழுப் பொறுப்பாளர்’ என்று போட்டு, அந்த இருவரின் பெயரையும் எண்ணையும் பக்கத்தில் தருகிறேன். ஸ்பேமுக்கு ‘அழையாச் செய்தி’. மறுப்பு உண்டா?

நாகராஜ், காவேரிப்பட்டணம்:

பொறுப்பாளர் என்றால் கட்சிப் பொறுப்பாளர் நினைவுதான் வருகிறது. பரவாயில்லை, அச்சுக்கு அனுப்புங்கள்.

ஷாஹிதா, கிருஷ்ணகிரி:

சம்மதம்.

கதிர், ஓசூர்:

சம்மதம். திரையில் ‘அட்மின்’ என்றுதான் தெரியும் என்பதைத் தாளில் ஒரு இடத்திலாவது சொல்லிவிடுங்கள்.

அரங்கநாதன், தருமபுரி:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். பொறுப்பாளர் என்பது எந்த வேலைக்கும் ஒட்டும் சொல். பொறுப்பு யாருக்கு இருக்கிறது என்று சொல்கிறதே தவிர, என்ன செய்வார் என்று சொல்லவில்லை. மட்டுறுத்தல் சொல்கிறது. அடுத்த அச்சின்போது மீண்டும் கேட்பேன்.