அப்டேட்: டீம் போட்டோ மேட்டர்

போன வாரம் கேட்டது: "ஏரியா கிரிக்கெட் டீம் போட்டோல நானே என்னை ஒட்டி ஸ்டேட்டஸ் போட்டுட்டேன், மாட்டுவேனா?"

மாட்டிட்டேன். ஓரத்தை லேசா பிளர் பண்ணுனு ஒருத்தர் சொன்னீங்களே, பண்ணேன், முடி ஓரம்லாம் சூப்பரா உக்காந்துச்சு, ஆனா ஸ்டூடியோ வச்சிருக்க அண்ணன் சொன்னதுதான் நடந்துச்சு, நிழல். அவங்க சோமசுந்தரம் கிரவுண்டுல சாயங்கால வெயில்ல நின்னு எடுத்தது, எல்லார் நிழலும் வலப்பக்கம் நீளமா விழுது. நான் மொட்டைமாடில உச்சி வெயில்ல எடுத்தது, நிழலே இல்ல, மூக்குக்குக் கீழதான் கருப்பா இருக்கு. கேப்டன் ஜூம் பண்ணி "டேய், நீ என்னடா காத்துல நிக்கற"ன்னாரு, எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்.

அதோட போயிருந்தா பரவால்ல. நான் ஒட்டின இடத்துல பன்னெண்டாவது ஆளா சீசன் முழுக்க தண்ணி தூக்கின பையன் நின்னிருந்தான், என் தோள் அவன் மூஞ்சில பாதிய மறைச்சிருச்சு. அவங்க அம்மா அந்த போட்டோவத்தான் பிரிண்ட் போட்டு வீட்ல மாட்டிட்டாங்களாம்.

ஒரிஜினல கேப்டன்கிட்ட வாங்கி பிரிண்ட் போட்டுட்டுப் போனேன். அம்மா வாங்கிக்கிட்டாங்க, அவன் ரூம விட்டு வெளிய வரல.

(பாஸ்போர்ட் போட்டோ எடிட் பண்ணலாமான்னு கேட்டவரே, வேணாம் ப்ரோ.)