குறுக்குப் பிணைப்பா, குறுக்குப் பிணைத்தலா?

கலைவாணி:
வணக்கம். செவிலியர் படிப்புக்கான மருந்தியல் கையேடு புதன்கிழமை அச்சுக்குப் போகிறது. பெனிசிலின் பாடத்தில் ஒரு சொல் உறுத்துகிறது. பாக்டீரியாவின் செல் சுவரில் நீளவாட்டில் ஓடும் சர்க்கரைச் சங்கிலிகளைச் சின்னஞ்சிறு பெப்டைடுகள் பக்கவாட்டில் கோத்துவிடுகின்றனவே, அந்தக் கிராஸ் லிங்க்கிங். "பெனிசிலின் குறுக்குப் பிணைப்பைத் தடுக்கிறது, மனித செல்லை ஒன்றும் செய்யாது" என்று எழுதினேன். வகுப்பில் கொடுத்துப் பார்த்தால் பலர் "பிணைப்பை உடைக்கிறது" என்று விடை எழுதுகிறார்கள். வேறு சொல் தாருங்கள்.

மாசிலாமணி:
அம்மா, நெசவாளரிடம் சொல் இருக்கிறது. நீளவாட்டு நூல் பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. ஆகவே 'ஊடிணை'. உள் என்னும் வேரிலிருந்து ஊடு. ஊடு என்றால் இடையே புகுதல். மருதத்திணைக்கு உரிய ஊடலும் இருவருக்கு இடையே ஒன்று புகுவதுதானே. 'குறுக்கு' என்றால் மறிப்பது என்ற பொருளும் வந்துவிடுகிறது.

அருள்மொழி:
ஐயா, சொல் அழகு. ஆனால் ஊடையை உருவினால் வந்துவிடும். இங்கே இருப்பது வேதிப்பிணைப்பு, உருவ முடியாது. மீன்வலையின் முடிச்சுதான் நெருங்கிய உவமை.

கலைவாணி, மாணவர்கள் தவறுவது 'குறுக்கு' என்ற சொல்லால் அல்ல, 'பிணைப்பு' என்பதால். பெனிசிலின் ஏற்கெனவே போட்ட முடிச்சைத் தொடுவதே இல்லை. முடிச்சுப் போடும் நொதியைத்தான் பிடிக்கிறது. அந்த நொதி, பெப்டைடின் நுனியில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு டி-அலனின் அமினோ அமிலங்களில் கடைசியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பக்கத்துச் சங்கிலியின் பெப்டைடை ஒட்டும். பெனிசிலினின் நாற்கோண வளையம் அந்த இரட்டை டி-அலனினைப் போலத் தோற்றம் காட்டும். நொதி ஏமாந்து அதைப் பிடித்ததும் வளையம் திறந்து நொதியிலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். எளிதில் விடாது.

சிவராசா:
யாழ்ப்பாணத்தில் நாங்கள் கலச்சுவர், நொதியம் என்றுதான் படித்தோம், 'செல்' எதற்கு? அது போகட்டும். பெனிசிலின் சுவரைக் கரைக்கிறது என்றுதானே நினைத்திருந்தேன்?

அருள்மொழி:
சுவரின் சர்க்கரைச் சங்கிலியை வெட்டுவது கண்ணீரில் இருக்கும் லைசோசைம். இரண்டையும் குழப்பக் கூடாது. ஆனால் உங்கள் சொல்லில் பாதி உண்மை உண்டு. வளரும் பாக்டீரியா புதுச் சங்கிலி செருகத் தன் சுவரைத் தானே அங்கங்கே வெட்டிக்கொள்ளும். வெட்டுகிற நொதிகள் வேலையை நிறுத்துவதில்லை. முடிச்சுப் போடுகிறவை மட்டும் முடங்கிவிடுகின்றன. வலைக்கண் பெரிதாகிறது. ஸ்டாஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்குள் அழுத்தம் சுமார் 20 வளிமண்டலம் வரை இருக்கும். சுவருக்கு உள்ளே இருக்கும் சவ்வு அந்த ஓட்டை வழியே பிதுங்கிக் கிழிகிறது. வளராமல் ஓய்ந்திருக்கும் பாக்டீரியாவில் இந்த வெட்டும் வேலை குறைவு. அதனால் பெனிசிலினுக்கு அது பெரும்பாலும் தப்பும்.

பாத்திமா:
என் மகனுக்குப் பெனிசிலின் ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தடிப்பு. மனித செல்லை ஒன்றும் செய்யாது என்று எப்படி எழுதலாம்?

அருள்மொழி:
அக்கா, அது வேறு வழி. அதே வளையம் இரத்தப் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும்போது உடல் அதை அயலாகக் கண்டு எதிர்க்கிறது. சுவருக்கும் அதற்கும் தொடர்பில்லை. அவனுக்கு ஒவ்வாமை இருக்கலாம் என்பதை இனி எந்த மருத்துவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நம் செல்லுக்குச் சுவரே இல்லை; பெனிசிலின் பிடிக்க முடிச்சு நொதியும் இல்லை. வெடிக்காததற்குக் காரணம் சவ்வு வலுவானது என்பதல்ல. உள்ளும் வெளியும் கரைபொருள் செறிவு ஏறத்தாழ சமம். சிவப்பணுவை வெறும் நீரில் போட்டால் அதுவும் வெடிக்கும்.

1956-ல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க் இதையே மறுபக்கமாகக் காட்டினார். ஈ.கோலை என்ற பாக்டீரியாவைப் பெனிசிலினோடு 20% சர்க்கரைக் கரைசலில் வளர்த்தபோது அது வெடிக்கவில்லை. கோல் உருவம் போய் உருண்டையாக நின்றது. நீர் சேர்த்து நீர்க்கச் செய்தால் உடைந்தது. மருந்து சுவரைப் பலவீனப்படுத்துகிறது, வெடிக்க வைப்பது நீர்.

கலைவாணி:
அப்படியானால் 'குறுக்குப் பிணைத்தல்' என்றால் செயல் என்பது தெளிவாகுமா?

மாசிலாமணி:
பிணைப்பும் தொழிற்பெயர்தான், ஆனால் புழக்கத்தில் விளைவுக்கு ஆகிவந்துவிட்டது. '-தல்' அப்படி எளிதில் ஆகாது. இலக்கணப்படி ஒப்புகிறேன்.

சிவராசா:
இரப்பரை வன்மையாக்குவதற்கும் வேதியியலில் குறுக்குப் பிணைப்பு என்றே படிக்கிறார்கள். இங்கே மட்டும் மாற்றினால் ஒரே மாணவர் இரண்டு சொல் படிக்க வேண்டும்.

அருள்மொழி:
இரண்டும் இருக்கட்டும். போட்ட முடிச்சு பிணைப்பு, போடும் வேலை பிணைத்தல். இரப்பருக்கும் அதே வேறுபாடு பொருந்தும்.

கலைவாணி:
இப்படி வைக்கிறேன்: "பெனிசிலின், புதிய சுவரில் குறுக்குப் பிணைத்தல் நடக்கவிடாமல் செய்கிறது, ஏற்கெனவே உள்ள பிணைப்புகளை உடைப்பதில்லை." செல் சுவர் என்பதை மாற்றவில்லை, சிவராசா அண்ணா, தேர்வுத்தாளில் அப்படித்தான் வரும்.

சிவராசா:
அடிக்குறிப்பிலாவது கலச்சுவர் என்று ஒருமுறை போடுங்கள்.

மாசிலாமணி:
'ஊடிணை'யையும்.