புதுப்பிப்பு: ஒரே கம்பனி, மூன்று மெயில்

"ஒரே கம்பனியின் நிதி, பொறியியல், கொள்வனவுப் பிரிவுகளுக்குத் தனித்தனியாக எழுதலாமா, ஒரே மெயில் போதுமா?" என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்.

தனித்தனியாகவே எழுதினோம். விற்பது ஆடைத் தொழிற்சாலையில் கம்ப்ரெசர் காற்றுக் கசிவைக் காட்டும் சென்சார்.

அப்போது பதில் எழுதிய வெள்ளவத்தை அக்கா சொன்னது பெரிய உதவி: "மெயிலைத் தங்களுக்குள்ள ஃபோவர்ட் பண்ணுவினம். சேமிப்புக் கணக்கு எல்லாத்திலயும் ஒண்டா இருக்கட்டும்." ஆகவே கசியும் அளவு, ஓடும் மணித்தியாலம், மின்கட்டணம் மூன்றையும் ஒரே தாளில் பூட்டினோம். அதிலிருந்து நிதிக்கு முதலீடு மீளும் காலம். பொறியியலாளருக்கு லைனை நிறுத்தாமல் பொருத்தும் முறை. கொள்வனவுக்கு உத்தரவாதமும் உதிரிப்பாக விலையும். நிதிப் பிரிவு அந்தக் கணக்கைப் பொறியியலாளரிடமே சரிபார்த்தது, எண்கள் பொருந்தின.

பணிப்பாளரைப் பிடித்தால் போதும் என்ற தம்பி பாதி சரி. கதவு அவரால் திறந்தது, ஆனால் பொறியியலாளர் ஒப்பமிடாமல் கோப்பு நகரவில்லை.

தரவு எங்கே சேமிக்கப்படும் என்று ஐடி பிரிவு இப்போது கேட்கிறது. அவர்களுக்கான மெயில் இன்னும் எழுதவில்லை.