மோல் கணக்குகளைப் படிநிலைப்படுத்தி வாரத்திட்டம் அமைப்பது எப்படி? உதவி தேவை

கயல்:
மேல்நிலை வகுப்பில் படிக்கும் என் தம்பிக்கு, மோல் கணக்குகளையும் இயற்பிய வேதியியல் கணக்குகளையும் சேர்த்து ஒரு வாராந்தரப் பயிற்சித் திட்டம் தயாரித்து வருகிறேன். பாடத்தின் இறுதியில் உள்ள பயிற்சிக் கணக்குகளை அவன் தடையின்றிச் செய்துவிடுகிறான். பல பாடங்கள் கலந்து வரும் வினாத்தாளில்தான் தடுமாறுகிறான். கணக்குகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தேன். எளிதானவற்றையெல்லாம் முடித்துவிட்டு, நடுத்தரத்தில் காரணம் புரியாத இடங்களில் பிழை விடுகிறான்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு: 5.00 கிராம் கால்சியம் கார்பனேட்டுடன் 200 மி.லி. 0.400 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. வெளிப்படும் கார்பன் டைஆக்சைடின் பருமன் 25 °C வெப்பநிலையிலும் 1 பார் அழுத்தத்திலும் எவ்வளவு? அவன் எழுதிய விடை 1.12 லிட்டர். இந்த விடை எங்கிருந்து வந்தது, இத்தகைய பிழை வராமல் இருக்கக் கணக்குகளை எந்த அடிப்படையில் படிநிலைப்படுத்த வேண்டும் என்பதே என் சந்தேகம்.

செல்வம்:
பிழை வெளிப்படையாகத் தெரிகிறது. 22.4 லிட்டர் என்பது 0 °C வெப்பநிலைக்கும் 1 வளிமண்டல அழுத்தத்திற்கும் உரிய எண். 25 °C, 1 பார் எனில் ஒரு மோல் வாயு ஏறத்தாழ 24.8 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். ஆகவே 0.0500 × 24.8 = 1.24 லிட்டர் என்பதே சரியான விடை. திட்டத்தைப் பொறுத்தவரை, நாளொன்றுக்கு 20 கணக்குகள் என்று வைத்துக்கொண்டால் கை தானாகப் பழகிவிடும். படிநிலை பற்றி இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:
வாயுவின் பருமன் பற்றிச் செல்வம் சொன்னது சரி. ஆனால் அவருடைய விடையும் சரியானதன்று. தம்பியின் விடையில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு பிழைகள் உள்ளன, செல்வம் அவற்றில் மேலே இருந்ததை மட்டும் நீக்கியிருக்கிறார்.

CaCO₃ + 2HCl → CaCl₂ + H₂O + CO₂

கார்பனேட்டின் மோலார் நிறையை 100 என்று கொண்டால் நம்மிடம் இருப்பது 0.0500 மோல். அமிலம் 0.200 × 0.400 = 0.0800 மோல். இரண்டு எண்களில் சிறியது 0.0500 என்பதால், கார்பனேட்டுதான் முதலில் தீரும் என்று தம்பி முடிவு செய்திருக்கிறான். ஆனால் 0.0500 மோல் கார்பனேட்டு முழுமையாக வினைபுரிய 0.100 மோல் அமிலம் வேண்டும்; அவ்வளவு அமிலம் இல்லை. ஒவ்வொரு மோல் எண்ணையும் சமன்பாட்டில் உள்ள அதன் குணகத்தால் வகுத்த பிறகே ஒப்பிட வேண்டும்: 0.0500 ஐ 1 ஆல் வகுத்தால் 0.0500, 0.0800 ஐ 2 ஆல் வகுத்தால் 0.0400. ஆகவே அமிலமே வினைக் கட்டுப்பாட்டுக் காரணி. கிடைக்கும் வாயு 0.0400 மோல், பருமன் 0.99 லிட்டர், மீதமிருக்கும் கார்பனேட்டு 1.00 கிராம்.

படிநிலைக்கு வருகிறேன். எளிது, கடினம் என்ற பிரிப்பு பெரும்பாலும் எண்களின் தோற்றத்தைப் பார்த்தோ புத்தகத்தில் கணக்கு இருக்கும் இடத்தைப் பார்த்தோ செய்யப்படுகிறது. ஒரு கணக்கைச் சங்கிலியாகக் கொண்டால் அதன் ஒவ்வொரு இடைக் கணிப்பும் ஒரு கண்ணி; விடையை அடைவதற்குள் அத்தகைய எத்தனை கண்ணிகளைக் கடக்க வேண்டும், அவற்றில் எத்தனையைக் கணக்கே சொல்லிக் கொடுத்துவிடுகிறது என்பவைதான் நான் பயன்படுத்தும் அளவுகோல்கள். மேலே உள்ள ஒரே வினையை வைத்தே நான்கு படிகளையும் அமைக்கலாம். 5.00 கிராம் கார்பனேட்டில் எத்தனை மோல் என்று கேட்டால் அது முதற்படி. அமிலம் மிகுதியாக உள்ளது, எத்தனை மோல் வாயு கிடைக்கும் என்பது இரண்டாம் படி. "மிகுதியாக" என்ற அந்த ஒரு சொல்லை நீக்கிவிட்டு இரண்டு பொருள்களின் அளவையும் கொடுத்தால் மூன்றாம் படி. புதிய வாய்பாடு எதுவும் தேவைப்படாமலேயே கணக்கு கடினமாகிவிடுவதைக் கவனியுங்கள். நான்காம் படியில் கணக்கின் தொடக்கம், முடிவு என்ற இரண்டு முனைகளில் ஒன்றேனும் வேறு பாடத்தைத் தொட வேண்டும். தம்பி தவறவிட்ட கணக்கு இந்த வகையைச் சேர்ந்தது. ஒரு முனையில் கரைசலின் செறிவும் மறு முனையில் வாயு விதியும் இருக்கின்றன. அதை நடுத்தரம் என்று நீங்கள் வைத்திருந்ததுதான் சிக்கல்.

அருவி:
எனக்கும் இதே பிரச்சினைதான், ஆனால் மின்னாற்பகுப்பில். ஒரே வாரத்தில் இயற்பிய வேதியியல் முழுவதையும் முடிப்பதற்கான திட்டம் இருந்தால் எனக்கும் தாருங்கள். தாமிர சல்பேட்டுக் கரைசலில் 2 ஆம்பியர் மின்னோட்டத்தை 30 நிமிடம் செலுத்தும் கணக்கில் எனக்கு 2.37 கிராம் தாமிரம் வருகிறது, விடைத்தாளிலோ 1.18 என்று உள்ளது.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:
இங்கே பேசப்படுவது வாரந்தோறும் தொடரும் பயிற்சி, அருவி. ஒரு வாரத்தில் முடிப்பது பற்றி அன்று. ஆனாலும் உங்கள் கணக்கு இந்த இழைக்குப் பொருத்தமானதுதான். 3600 கூலும் மின்னூட்டத்தை 96485 ஆல் வகுத்து 0.0373 என்று பெற்றிருப்பீர்கள். அது எலக்ட்ரான்களின் மோல் எண்ணிக்கை, தாமிரத்தினுடையது அன்று. Cu²⁺ + 2e⁻ → Cu என்பதில் எலக்ட்ரானையும் ஒரு வினைபடுபொருளாகக் கருதினால், தம்பி தவறிய அதே குணகக் கண்ணியில்தான் நீங்களும் தவறியிருப்பது தெரியும்.

கயல்:
நன்றி, ஐயா. இந்தப் படிகளை வாரத்தின் நாள்களில் எப்படிப் பரப்புவது? அவனால் ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரத்திற்கு மேல் ஒதுக்க இயலாது.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:
முக்கால் மணி நேரத்தில் ஐந்து கணக்குகள் போதும். ஆனால் ஒவ்வொரு கணக்கிலும் ஒவ்வொரு கண்ணியும் அலகுடன் தனி வரியாக எழுதப்பட வேண்டும். வாரத்தின் முதல் நாளில் ஒரு வினையைத் தேர்ந்தெடுத்து, அதிலேயே முதல் இரண்டு படிகளைச் செய்யட்டும். அடுத்த இரண்டு நாள்களும் மூன்றாம் படிக்கு. நான்காம், ஐந்தாம் நாள்களில் அந்த வாரத்திற்குரிய இயற்பிய வேதியியல் பகுதி ஒன்றை மட்டும் இணைத்து நான்காம் படிக் கணக்குகள்: ஒரு வாரம் செறிவு, அடுத்த வாரம் வாயுக்கள், பிறகு வெப்ப வேதியியல், பிறகு சமநிலை. ஆறாம் நாளில் முந்தைய வாரங்களின் கணக்குகளைத் தலைப்புகளை மறைத்துக் கலைத்துக் கொடுங்கள். "செறிவு" என்ற தலைப்பின் கீழ் இருக்கும் கணக்கில் எந்த வாய்பாட்டை எடுக்க வேண்டும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. பாட இறுதிக் கணக்குகளில் அவன் தவறாமல் இருப்பதற்கும், கலப்புத் தாளில் தடுமாறுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஏழாம் நாளில் புதுக் கணக்கு வேண்டாம். அந்த வாரத்தின் பிழைகள் ஒவ்வொன்றும் எந்தக் கண்ணியில் நேர்ந்தன என்று ஓரத்தில் ஒரு சொல்லில் குறிக்கட்டும்: மோல், குணகம், அலகு, வாசிப்பு, பெருக்கல். தம்பியின் 1.12 லிட்டருக்குப் பக்கத்தில் "குணகம்" என்றும், 25 °C என்ற தகவலைக் கவனிக்காததால் "வாசிப்பு" என்றும் இரண்டு குறிகள் விழும்.

மேற்படிக்கு ஏறும் விதியும் இந்தக் குறிகளிலிருந்தே கிடைக்கும். ஒரு படியில் ஐந்தில் நான்கு சரியாக வந்தால் ஏறலாம். ஒரே குறி இரண்டு முறை விழுந்தால், முழுப் படியையும் திரும்பச் செய்யாமல், அந்த ஒரு கண்ணி மட்டும் உள்ள சிறு கணக்குகளைக் கொடுங்கள். குணகத்தில் தவறுபவனுக்கு நிறையை மோலாக மாற்றும் கணக்குகளை மேலும் மேலும் கொடுப்பதில் பயனில்லை; செல்வம் சொன்ன 20 கணக்குகளில் எனக்குள்ள தயக்கமும் இதுதான்.

இன்னொன்று. இரண்டாம் படி முதலே ஆரம்பம், மாற்றம், முடிவு என்ற மூன்று வரி அட்டவணையை அவன் எழுதிப் பழக வேண்டும். மேற்கண்ட கணக்கில் கார்பனேட்டின் வரிகள் 0.0500, −0.0400, 0.0100, அமிலத்தின் வரிகள் 0.0800, −0.0800, 0. சமநிலை வாரம் வரும்போது அதே அட்டவணைதான் வரும். மாற்றத்தை நிறுத்துவது மட்டும் வேறு. முழுமையாக நிகழும் வினையில் ஏதேனும் ஒன்று சுழியைத் தொடும்போது மாற்றம் நிற்கும், சமநிலையில் அதற்கு முன்பே நின்றுவிடும். 10 லிட்டர் கலனில் 1 மோல் N₂O₄ எடுத்து, அதில் 20 விழுக்காடு NO₂ ஆகப் பிரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றம் −0.20, +0.40, முடிவில் 0.80, 0.40 மோல். செறிவுகள் 0.080, 0.040 ஆகின்றன; Kc = 0.040² / 0.080 = 0.020. பலர் இங்கே கலனின் பருமனால் வகுக்க மறந்து 0.20 என்று எழுதுவார்கள். விடை சரியாகப் பத்து மடங்கு விலகியிருந்தால், பிழை சமநிலைக் கருத்தில் இல்லை, செறிவுக் கண்ணியில் இருக்கிறது என்று கண்டுகொள்ளலாம்.

மாறன்:
நானும் இப்பாடத்தைக் கற்பிக்கிறேன். ஐயா சொன்னதில் ஆறாம் நாள் பற்றி மட்டும் எனக்கு உடன்பாடில்லை. மூன்றாம் படி உறுதிப்படாத மாணவரிடம் கலப்புக் கணக்குகளைக் கொடுத்தால், எல்லாக் குறிகளும் ஒன்றாக விழுந்து, எதைச் சரிசெய்வது என்றே தெரியாமல் போகிறது. முதல் மூன்று வாரங்களாவது கலப்பு நாளைத் தவிர்க்கலாம்.

ஒரு சிறு குறிப்பும் உண்டு. 1982 முதல் ஐயுபேக் அமைப்பு திட்ட அழுத்தமாக 1 பார் அளவைப் பரிந்துரைப்பதால், 0 °C வெப்பநிலைக்கு 22.7 லிட்டர் என்ற எண்ணும் புத்தகங்களில் காணப்படும். கணக்கில் வெப்பநிலையும் அழுத்தமும் கொடுக்கப்பட்டிருந்தால் PV = nRT மூலம் செய்யச் சொல்லுங்கள்; மூன்று எண்களை மனப்பாடம் செய்து எதை எங்கே போடுவது என்று குழம்ப வேண்டாம்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:
கலப்பைத் தள்ளிப்போட்டால், தலைப்பைப் பார்த்து வாய்பாடு எடுக்கும் பழக்கம் அந்த மூன்று வாரங்களில் வேரூன்றிவிடும் என்பது என் அச்சம். ஒரு சமரசம் சொல்கிறேன்: முதல் மூன்று வாரங்களில் ஆறாம் நாளன்று முதல் இரண்டு படிக் கணக்குகளை மட்டும் கலந்து கொடுக்கலாம். இதை மாறன் ஏற்பாரா என்று தெரியவில்லை.

மாறன்:
பாதி ஏற்கிறேன். முதற்படிக் கணக்கில் கலப்பதற்கு என்ன இருக்கிறது?

செல்வம்:
1.24 என்ற என் விடை தவறுதான். ஆனால் சோதனைச்சாலையில் இந்த 0.99 லிட்டரும் கிடைக்காது. 25 °C வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் 0.03 மோலுக்கு மேல் கார்பன் டைஆக்சைடு கரையும், இங்கே 200 மி.லி. கரைசல் இருக்கிறது. கணக்கில் "வாயு கரைவதைப் புறக்கணிக்கவும்" என்று எழுதியிருக்க வேண்டாமா?

கயல்:
அந்த வரியைக் கணக்கில் சேர்த்துவிடுகிறேன். முதல் வாரத்திற்கு இதே கார்பனேட்டு வினையையும் செறிவுப் பகுதியையும் எடுத்துக்கொள்கிறேன். நான்காம் படிக்கு, தூய்மையற்ற சுண்ணாம்புக்கல் கணக்கு ஒன்றை அமைத்திருக்கிறேன்: 1.50 கிராம் மாதிரியுடன் 50.0 மி.லி. 0.600 மோலார் HCl சேர்த்துக் கொதிக்கவைத்த பின், எஞ்சிய அமிலத்தை நடுநிலையாக்க 25.0 மி.லி. 0.200 மோலார் NaOH செலவாகிறது. மாதிரியில் கார்பனேட்டின் விழுக்காடு என்ன? எனக்கு 83.3 வருகிறது. இதில் கண்ணிகள் ஐந்தாகிவிடுகின்றன என்பதால், இதை முதல் வாரத்திலேயே வைக்கலாமா, வாயுக்கள் வாரம் முடிந்த பிறகு வைக்கலாமா?

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:
83.3 சரி. முதல் வாரத்திலேயே வைக்கலாம், ஆனால் ஐந்தாம் நாளின் கடைசிக் கணக்காக. முதன்முறை கொடுக்கும்போது, "எஞ்சிய அமிலம் எத்தனை மோல்?" என்ற இடைக் கேள்வியையும் சேர்த்துக் கொடுங்கள்; அடுத்த முறை அதை நீக்கிவிடுங்கள். அவன் 16.7 விழுக்காடு என்று எழுதினால், எஞ்சிய 0.00500 மோல் அமிலத்தையே வினைபுரிந்த அமிலமாக எடுத்துக்கொண்டான் என்று பொருள். ஓரத்தில் "வாசிப்பு" என்று குறிக்க வேண்டும்.