பயிர்க்கடன் கட்டியாச்சு, கூட்டுப் பட்டானால ரினீவல் நிக்குது

வணக்கம், நான் பெரம்பூர்ல இருக்கேன், அப்பா மதுராந்தகம் பக்கம் மூணு ஏக்கர் நெல்லு வைக்கிறாரு. பேங்க்ல கேசிசி பயிர்க்கடன் 1 லட்சம் இருந்துச்சு. வட்டி 7%, கெடுவுக்குள்ள கட்டினா 3% சலுகை போக 4% தான், அதாவது வருசத்துக்கு 7,000க்கு பதிலா 4,000. அந்த 3,000 போகக்கூடாதுன்னு நெல்லுப் பணம் கைக்கு வராதப்பவே 2 ரூபா வட்டிக்கு கைமாத்து வாங்கி கெடுவுக்கு நாலு நாள் முன்னாடி முழுசா கட்டிட்டோம். ஒரு வாரத்துல புதுசா கடன் கிடைக்கும், அதைத் திருப்பிடலாம்னு நினைச்சோம். இப்ப ரெண்டு மாசம் ஆச்சு, கைமாத்து வட்டியே 4,000 தாண்டிருச்சு, மிச்சம் பிடிச்சது அதுலயே போச்சு.

சிக்கல் என்னன்னா பட்டா அப்பா, ரெண்டு சித்தப்பா மூணு பேர் பேர்லயும் கூட்டா இருக்கு. போன தடவை இதே சிட்டாவுக்குத்தான் கடன் குடுத்தாங்க, இப்ப மேனேஜர் மாறினதும் தனிப்பட்டா கேக்குறாங்க. பாகம் வாய்வார்த்தையா பிரிச்சது, பத்திரம் கிடையாது.

விஏஓகிட்ட இந்த போகத்து அடங்கல் வாங்கிக் குடுத்தாச்சு, அதுல சர்வே நம்பர், சாகுபடி எல்லாம் சரியா இருக்கு. இ-சேவைல உட்பிரிவு பட்டா மாறுதலுக்கும் போட்டாச்சு, சர்வேயர் இன்னும் அளக்க வரல. ஒரு சித்தப்பா ஊர்லயே இருக்காரு, இன்னொருத்தர் துபாய்ல. நாத்து வேற ரெடி.

கூட்டுப் பட்டா வச்சு, மத்த பங்குதாரர்கிட்ட சம்மதக் கடிதம் வாங்கிக் குடுத்து யாராச்சும் பயிர்க்கடன் ரினீவல் பண்ணிருக்கீங்களா, துபாய்ல இருக்கறவரு கையெழுத்தை எப்படி வாங்கிக் குடுத்தீங்க?