வகுப்பறைப் பார்வை அறிக்கையைத் திருத்தி எழுத உதவி வேண்டும்

வணக்கம். நான் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை. போன வாரம் ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடத்தைப் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். ஆசிரியை பணிக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. "விளக்கம் நன்று. மாணவர் பங்கேற்பு குறைவு, மேம்பட வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தேன். முகம் வாடிப்போய், "நான் எதை மாத்தணும் டீச்சர்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தப்பு என்னுடையதுதான்.

என் குறிப்புகளைப் புரட்டி மறுபடி எழுதுகிறேன். ஒரு பிள்ளை 1/3 + 1/4 = 2/7 என்றபோது அவர் தப்பு என்று சொல்லவில்லை. "2/7 பெருசா, 1/3 பெருசா?" என்று கேட்டார். கூட்டினால் எப்படிக் குறையும் என்று யோசித்து அவளே அழித்தாள். இதை அப்படியே நிறைகளில் சேர்த்துவிட்டேன்.

அடுத்த பகுதியில்தான் தடுமாறுகிறேன். அவர் கேட்ட 12 கேள்விகளில் 9-க்கு முதல் இரண்டு பெஞ்சுதான் பதில் சொன்னது. மற்றவற்றுக்குக் காத்திருக்காமல் அவரே விடை சொல்லிவிட்டார். இப்போதைய வரைவு: "கேள்வி கேட்டதும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பிறகு பின் பெஞ்சில் ஒருவரைப் பெயர் சொல்லி அழையுங்கள். இரண்டு வாரம் கழித்து இதை மட்டும் பார்க்க வருகிறேன்."

12, 9 என்ற எண்களைப் போட்டால் குற்றப்பத்திரிகை மாதிரி இருக்குமா? கரும்பலகை எழுத்து சிறிதாக இருந்ததையும் இதிலேயே எழுதலாமா, இல்லை நேரில் சொன்னால் போதுமா? இப்படி அறிக்கை வாங்கியவர்களும் சொல்லுங்கள்.