பாட்டுக்குத் தகரம் அதிர்கிறது, கதைப்பது மட்டும் கேட்கவில்லை

கனகபுரத்தான்
உங்களுக்கும் இப்படி நடந்ததா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். கொழும்பில் இருக்கிற மாமா வீடு மாறும்போது தன்னுடைய பழைய ஹோம் தியேட்டர் செற்றை எங்களுக்குத் தந்துவிட்டார். சத்தத்தைப் பெருக்குகிற அம்பும் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பெரிய ஊபரும். எங்கள் முன்விறாந்தையில் அவ்வளவுக்கு எங்கே இடம்? ரிவிக்கு இரண்டு பக்கமும் இரண்டை வைத்து, ஊபரைக் கதிரைக்குப் பின்னால் தள்ளிவிட்டு, மிச்சத்தைச் சாக்கில் கட்டி அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை இரவு பென் ட்ரைவில் ஒரு படம் போட்டோம். பாட்டுக்குக் கூரைத் தகரம் அதிர்ந்தது, சண்டைக்கு நாய் எழும்பிக் குரைத்தது, ஆனால் கதாநாயகன் வாய் திறந்தால் ஆரோ கிணற்றுக்குள் இருந்து கதைக்கிற மாதிரி ஒரு எதிரொலி மட்டும்தான் வந்தது. அம்மா அரை மணித்தியாலம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இது ஊமைப்படமடா" என்று எழும்பிப் போய்விட்டா. சத்தத்தைக் கூட்டினால் அடுத்த பாட்டுக்குப் பக்கத்து வீட்டு ஐயா வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறார். வேடிக்கை என்னவென்றால் செய்தி வாசிப்பு மட்டும் தெளிவாகக் கேட்கிறது.

வட்டக்கச்சி அக்கா
எங்கள் மாமிக்கும் இதே பிரச்சினைதான் தம்பி. சத்தம் கேட்கிறதாம், சொல் விளங்கவில்லையாம். ஆஸ்பத்திரியில் காட்டினால் வயதுக்கு மெல்லிய உச்சச் சத்தங்கள் முதலில் போய்விடும், "ச", "த", "ப" எல்லாம் ஒரே மாதிரிக் கேட்கும் என்றார்கள். அதோடு அந்தச் சென்னைக் கதை வேறு, எனக்கே பாதி விளங்காது. அம்மாவின் காதை ஒருக்கால் காட்டுங்கோ.

கனகபுரத்தான்
அக்கா, எனக்கு முப்பத்தொரு வயது, எனக்கும்தான் கேட்கவில்லை. 😀

மல்லாவிப் பெடியன்
ஊபரைக் குறை, ட்ரெபிளைக் கூட்டு, வேலை முடிந்தது. இப்ப வருகிற படங்களில் நடிகர்மார் வாய்க்குள்தான் முணுமுணுக்கிறார்கள், மிக்ஸிங் செய்கிறவனும் பெரிய தியேட்டரை நினைத்துத்தான் செய்கிறான், வீட்டை ஆர் நினைக்கிறார்கள். பிழை உன்னுடைய செற்றில் இல்லை, படத்தில்.

வவுனியா சவுண்ட்காரன்
பெடியன் சொல்வதில் பாதி சரி. ஆனால் இந்தக் கதைக்கு அது மருந்தில்லை. நான் சென்னையில் ஒரு மிக்ஸிங் ஸ்டூடியோவில் நாலு வருசம் கைவேலை செய்தவன், இப்போது கலியாண வீடுகளுக்கு சவுண்ட் போடுகிறேன்.

ஐந்து ஸ்பீக்கரும் ஒரு ஊபரும் என்று பிரித்துச் செய்கிற ஃபைவ் பொயின்ற் வன் மிக்ஸில் கதைக்கிற குரல் கிட்டத்தட்ட முழுவதும் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். தியேட்டரில் ஓரத்துக் கதிரையில் இருக்கிறவனுக்கும் குரல் திரையில் இருந்தே வரவேணும், அதுதான் காரணம். இசையும் மழையும் வாகனச் சத்தமும் இடம் வலமாகப் பரந்திருக்கும். குரலின் எதிரொலியையும் பக்கத்து ஸ்பீக்கர்களுக்குக் கொஞ்சம் கொடுப்போம். தம்பிக்குக் கிணற்றுச் சத்தமாகக் கேட்டது அந்த எதிரொலிதான், உண்மையான குரல் அலுமாரிக்கு மேலே சாக்குக்குள் இருக்கிறது.

அம்புக்கு நடு ஸ்பீக்கர் கழன்றது தெரியாது. ஐந்தும் இருக்கிறது என்று நினைத்து, நடுவுக்குரிய பங்கை வயர் இல்லாத துளைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். செய்தி இரண்டு சனல்தான், அதனால் அது தப்பிவிட்டது. ட்ரெபிளைக் கூட்டினால் எதிரொலிதான் கூடும், இல்லாத குரல் வராது.

முதலில் ஒன்று செய்து பார். அதே பென்னைப் போனில் குத்தி, அதே காட்சியை இயர்போனில் கேள். குரல் தெளிவென்றால் படத்தில் பிழையில்லை. பிறகு ரிவி மெனுவில் Digital Audio Output என்று இருப்பதை PCM ஆக மாற்று. அப்போது ரிவியே எல்லாவற்றையும் இரண்டு சனலாகச் சுருக்கும், நடுக்குரலை மூன்று டெசிபல் குறைத்து இரண்டு பக்கத்துக்கும் பகிர்ந்துவிடும். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது நடுவில் இருந்து கதைக்கிற மாதிரியே இருக்கும்.

கனகபுரத்தான்
அண்ணை, போனில் தெளிவோ தெளிவு! PCM போட்டவுடன் குரல் வந்துவிட்டது, அம்மா திரும்பி வந்து முதலில் இருந்து போடச் சொன்னா. ஆனால் ஒரு கரைச்சல். இரவில் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை படுக்கிறது, இரகசியம் பேசுகிற இடத்தில் கூட்டினால் அடுத்த காட்சியில் வெடிக்கிறது. அம்பில் Night Mode என்று ஒன்று இருக்கிறது, முதல் நாள் அமர்த்தினேன், வேலை செய்தது. இப்போது அமர்த்தினாலும் ஒன்றும் நடக்கவில்லை.

வவுனியா சவுண்ட்காரன்
நடக்காது. உன்னுடையது போலப் பழைய அம்புகளில் அந்த நைட் மோட் டொல்பி ஓடைக்குள்ளேயே மிக்ஸ் செய்தவர்கள் எழுதிவைத்த குறிப்பை வைத்துத்தான் வேலை செய்யும், எந்த இடத்தை எவ்வளவு அமுக்குவது என்று அதில் இருக்கும். நீ PCM போட்டதும் ரிவி அந்தக் குறிப்பைத் தன்னோடு வைத்துக்கொண்டது, அம்புக்கு வெறும் சத்தம்தான் வந்தது.

அதனால் ரிவியைப் பழையபடி, ஓடையைப் பிரிக்காமல் அப்படியே அம்புக்கு அனுப்புகிற Bitstream க்கு மாற்றிவிட்டு, அம்பின் Speaker Setup க்குள் போய் Center என்பதை None ஆக வை, Surround ஐயும் அப்படியே. அதன்பிறகு அம்பே நடுவை இடம் வலமாகப் பகிரும், நைட் மோடும் இருக்கும். டிவிடியோடு சேர்ந்து வந்த மலிவு செற்றுகள் சிலவற்றில் இந்த மெனுவே இல்லை, அவர்களுக்கு PCM தான் கதி. அல்லது அந்த நடு ஸ்பீக்கரை இறக்கி ரிவிக்குக் கீழே வை, அதைவிட நல்லது ஒன்றில்லை.

மாங்குளம் ரீச்சர்
எங்கள் வீட்டில் செய்தி வாசிப்பவரின் குரலும் இல்லை! பின்னணி இசை மட்டும். எங்களுடையதிலும் இரண்டு ஸ்பீக்கர்தான். அப்படியென்றால் அண்ணை சொன்னது பொருந்தவில்லையே?

வவுனியா சவுண்ட்காரன்
பொருந்தும் ரீச்சர். றிமோட்டில் ஆரோ Pro Logic ஐ அமர்த்தியிருப்பார்கள். அது இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி வருகிற சத்தத்தைத் தேடி எடுத்து நடுவுக்கு அனுப்பும். வாசிப்பவரின் குரல் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தானே இருக்கும், அதையும் நடுவுக்குத் தள்ளி, இல்லாத ஸ்பீக்கரிடம் கொடுத்துவிட்டது. Stereo என்று மாற்றிப் பாருங்கோ.

மாங்குளம் ரீச்சர்
மகன்தான் அமர்த்தியிருக்கிறான். வந்துவிட்டது. மூன்று மாதமாக உதட்டைப் பார்த்துச் செய்தி கேட்டிருக்கிறேன்.

மல்லாவிப் பெடியன்
சரி, வீட்டுக் கதை அப்படியே இருக்கட்டும். ரவுணில் தியேட்டரில் பார்த்தபோதும் எனக்குக் கதை விளங்கவில்லையே, அங்கே ஆர் ஸ்பீக்கரைச் சாக்கில் கட்டினது?

வவுனியா சவுண்ட்காரன்
அது வேறு. ஸ்டூடியோவில் டொல்பி பெட்டியின் அளவு 7 இல் வைத்துத்தான் மிக்ஸ் செய்கிறோம். சத்தம் கூட என்று இரண்டு பேர் முறைப்பாடு சொன்னால் தியேட்டர்காரர் 5 க்கு இறக்கிவிடுவார், அது கிட்டத்தட்ட ஆறேழு டெசிபல். வெடி அப்போதும் வெடிதான், முணுமுணுப்பு ஏசிச் சத்தத்துக்குள் போய்விடும். திரைக்குப் பின்னாலுள்ள நடு ஸ்பீக்கரின் ஹோர்ன் எரிந்திருந்தாலும் அதே கதைதான், குரல் கம்பளி மூடின மாதிரி இருக்கும். நீ பார்த்தது எது என்று இங்கிருந்து எனக்குச் சொல்ல முடியாது.

மல்லாவிப் பெடியன்
அல்லது நடிகன் முணுமுணுத்ததும் இருக்கலாம்.

வவுனியா சவுண்ட்காரன்
அதுவும் இருக்கலாம். ஸ்பொட்டில் பதிந்த குரலை அப்படியே வைத்த படமென்றால் டப்பிங்கில் திருத்துகிற வாய்ப்பும் இல்லை.

கனகபுரத்தான்
நடு ஸ்பீக்கரை இறக்கிவிட்டேன். அலுமாரிக்கு மேலே எலி வயரைக் கடித்துவைத்திருக்கிறது, இன்னொரு துண்டு வாங்க வேண்டும். அதுவரை Center: None.

வட்டக்கச்சி அக்கா
எங்கள் ரிவியில் தனி ஸ்பீக்கரே இல்லை தம்பிமார், அதுவாகவே கத்துகிறது. மாமிக்கு நான் என்ன செய்ய?